14-ஆம் பக்கத்தின் ஓரக் குறிப்புகள்

ஒலி நாடகம் ஒன்றின் பதிவு முடிந்த மாலையில் கையில் இருப்பவை இரண்டு. கணினியில் வரிசையாக நிற்கும் ஒலிக்கோப்புகள் ஒன்று. மேசையில் கிடக்கும் ஸ்கிரிப்ட் தாள்கள் இன்னொன்று. தாள்களின் ஓரமெல்லாம் பென்சில் கோடுகள், எண்கள், வட்டங்கள், அவசரமாக எழுதிய அரைவார்த்தைகள். நாடகத்தைக் கேட்கப்போகிறவர்கள் இந்தத் தாள்களைப் பார்க்கப்போவதில்லை. ஆனால் அடுத்த சில வாரங்களுக்கு எடிட்டர் கண்ணெதிரே வைத்துக்கொண்டு வேலை செய்யப்போவது இவற்றைத்தான்.

காரணம் எளிது. ஒரு காட்சியை நடிகர்கள் மூன்று, நான்கு முறை பேசியிருப்பார்கள். ஒவ்வொரு முறையும் சில வரிகள் நன்றாக வந்திருக்கும், சில கெட்டிருக்கும். எது எங்கே நன்றாக வந்தது என்பது பதிவு நடந்த நேரத்தில், அந்த அறையில் இருந்தவர்களுக்கு மட்டும் தெரியும். ஒரு மணி நேரத்தில் அதுவும் மறந்துபோகும். மறப்பதற்கு முன் எழுதி வைக்கும் இடம் ஸ்கிரிப்டின் ஓரம். அங்கே எழுதாத ஒவ்வொன்றுக்கும் எடிட்டர் எல்லா டேக்கையும் முதலிலிருந்து கேட்டாக வேண்டும். கேட்டு முடித்த பிறகு, ஒரு வரி எந்த டேக்கிலுமே சுத்தமாக இல்லை என்று தெரியவரலாம். அப்போது நடிகர் வேறு ஊரில், வேறு வேலையில் இருப்பார்.

வானொலி நாடகத்தின் தொடக்க காலத்தில் இந்தக் குறிப்புகளுக்கு வேலையே இல்லை. வானொலிக்கென்றே எழுதப்பட்ட முதல் நாடகமாகப் பொதுவாகச் சொல்லப்படுவது, ரிச்சர்டு ஹியூஸ் எழுதி 1924 ஜனவரி 15 அன்று பி.பி.சி. ஒலிபரப்பிய ‘எ காமெடி ஆஃப் டேஞ்சர்’. நிலக்கரிச் சுரங்கத்தில் விளக்கு அணைந்து இருளில் மாட்டிக்கொண்டவர்களின் கதை அது. நடிகர்கள் பேசிய நேரத்திலேயே அது காற்றில் போனது. தடுமாறினால் தடுமாறியதுதான். ஒலிநாடாவில் பதிந்து, வெட்டி, ஒட்டும் வசதி வந்த பிறகே ‘இன்னொரு முறை’ என்ற சொல் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தது. கூடவே, எந்த முறை எது என்று கணக்கு வைக்கும் வேலையும் வந்தது.

தாள் முதலில்

குறிப்பு எழுதுவதற்கு முன் தாள் அதற்குத் தயாராக இருக்க வேண்டும். பி.பி.சி. நாடகப் பிரிவு நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கும் முறை ஒன்று உண்டு. ஒவ்வொரு பக்கத்திலும் ஒவ்வொருவர் பேச்சுக்கும் ஓர் எண். பக்கம் மாறினால் எண் மறுபடி 1-இல் தொடங்கும். எனவே நாடகத்தின் எந்த வரியையும் இரண்டு எண்களில் சொல்லிவிடலாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இயக்குநர் “பதினாலு, நாலுலேர்ந்து” என்றால், எல்லோருடைய விரலும் ஒரே வரியில் போய் நிற்கும். “அந்த வீட்டை விக்கிறதைப் பத்திப் பேசுற இடத்துலேர்ந்து” என்று விளக்கிக்கொண்டிருந்தால், நடிகர்கள் பிடித்துவைத்திருந்த உணர்வு அதற்குள் இறங்கிவிடும்.

தாளின் ஒரு பக்கத்தில் மட்டுமே அச்சு. பின் அடிப்பதில்லை. பின்னடித்த கட்டைப் புரட்டும் ஓசை மைக்கில் துல்லியமாக விழும். தனித்தனித் தாள் என்றால், முடிந்ததைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடலாம். ஒருவருடைய பேச்சு பாதியில் முறிந்து அடுத்த பக்கத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதும் இதற்காகத்தான். நடிகர் பேசிக்கொண்டிருக்கும்போது தாளை மாற்றினால் அந்தச் சரசரப்பு வசனத்தின் மேலேயே உட்காரும். பேச்சு முடிந்த இடைவெளியில் மாற்றினால் வெட்டி எடுத்துவிடலாம். குறிப்பு எழுதுபவரின் பிரதியில் மட்டும் இடது ஓரத்தில் மூன்று விரல் அகலம் வெற்றிடம் வேண்டும். டேக் கோடுகள் வரப்போவது அங்கேதான்.

ஒரு பக்கம், நான்கு டேக்

ஓர் உதாரணப் பக்கத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை பார்ப்போம். சென்னையில் ஒரு வீட்டின் உள்ளறை. சன்னல்களில் கனமான போர்வைகள், சுவரோரம் மெத்தைகள். கதை நடப்பது திருநெல்வேலிப் பக்கத்துக் கிராம வீட்டில். ஆறாவது காட்சி, 14-ஆம் பக்கம்.

1. ஆச்சி: வந்துட்டியாலே? பஸ் கெடைச்சுதா?
2. முருகன்: கெடைச்சுது ஆச்சி. கூட்டந்தான் தாங்கல.
3. ஆச்சி: கை கால் கழுவிட்டு வா. சோறு வச்சிருக்கேன்.
4. முருகன்: ஆச்சி, ஒரு விசயம் சொல்லணும்.
5. ஆச்சி: சாப்ட்டுட்டுச் சொல்லு.
6. முருகன்: வீட்டை விக்கப் போறதா அப்பா சொன்னாவ.
7. (பாத்திரம் விழும் ஓசை)
8. ஆச்சி: யாரு? யாரு சொன்னா?
9. முருகன் (கத்தி): அப்பாதான் சொன்னாவ! எல்லாருக்கும் தெரியும், ஒங்களுக்கு மட்டுந்தான் தெரியாது!

முதல் டேக். இயக்குநருக்கு அருகில் உட்கார்ந்திருக்கும் உதவியாளர், ஓரத்தின் உச்சியில் ‘1’ என்று எழுதி, நடிகர்கள் பேசப்பேசக் கோட்டைக் கீழே இழுத்துக்கொண்டே போகிறார். சினிமாவில் ஸ்கிரிப்ட் சூப்பர்வைசர்கள் இதே போலக் கோடு இழுப்பார்கள். பேசுபவர் அந்த ஷாட்டில் தெரிந்தால் நேர்கோடு, தெரியாவிட்டால் நெளிகோடு. இங்கே கேமரா இல்லை. அதனால் நெளிகோட்டைக் கெட்டுப்போன வரிக்கு வைத்துக்கொள்ளலாம்.

3-ஆம் வரியில் ஆச்சி ‘சோறு’ என்னும்போது தெருவில் ஓர் ஆட்டோ ஹாரன். கோடு அங்கே நெளிகிறது. பக்கத்தில் ‘ஹாரன் – சோறு’. 6-இல் முருகனின் கைத்தாள் உரசியது: ‘தாள் – வீட்டை’. 8-இல் ஆச்சி முடிப்பதற்குள் முருகன் ஆரம்பித்துவிட்டார்: ‘மேலே விழுது’. 9-இல் முருகன் கத்தியபோது மீட்டர் சிவப்பைத் தொட்டது. சவுண்ட் ரெக்கார்டிஸ்ட் கையை உயர்த்திக் காட்டினார்: ‘உடைஞ்சுது’.

இந்தக் குறிப்புகள் ஒவ்வொன்றிலும் இரண்டு செய்திகள் இருப்பதைப் பாருங்கள். கோளாறு என்ன, அது எந்தச் சொல்லின் மேல். ‘3 சரியில்லை’ என்று மட்டும் எழுதினால் எடிட்டருக்குப் பாதி வழிதான் தெரியும். ஹாரன் ‘சோறு’ மேல் மட்டுமே விழுந்தது என்று தெரிந்தால், ‘கை கால் கழுவிட்டு வா’ என்ற முதல் பாதி நல்ல நிலையில் இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். அந்தப் பாதியில் ஆச்சியின் குரலில் ஒரு வாஞ்சை இருந்தால் அதை இழக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நடிப்பில் வந்த குறையும் ஒலியில் வந்த குறையும் வேறு வேறு. இரண்டையும் வேறு வேறு நிறத்தில் எழுதும் வழக்கம் நல்லது. ஹாரன் விழுந்த வரி நடிப்பில் மிகச் சிறந்ததாக இருக்கலாம். அப்போது அந்த ஓசையைக் குறைத்துப் பார்க்க எடிட்டர் ஒரு மணி நேரம் செலவிடலாம். வெறும் பெருக்கல் குறியைப் பார்த்தால் அதைத் திறந்தே பார்க்க மாட்டார்.

இரண்டாவது டேக் 1-இலிருந்து தொடங்கியது. நான்கு வரிகளும் சுத்தம். 5-இல் ஆச்சி நாக்குத் தடுமாறி நின்றார். ‘2’ என்ற கோடு 4-க்குக் கீழே ஒரு குறுக்குக்கோட்டோடு முடிகிறது. கோடு எங்கே நின்றது என்பதே ஒரு குறிப்பு; 6-ஐத் தேடி யாரும் இந்த டேக்குக்குள் போக வேண்டாம்.

மூன்றாவது டேக்கை 4-இலிருந்து எடுத்தார்கள். கெட்டது 5 தானே, ஏன் 4-இலிருந்து? தடுமாறிய வரியை மட்டும் தனியாகச் சொல்லச் சொன்னால், அது தனியாகச் சொன்னது போலவேதான் இருக்கும். முந்தைய வரிக்குப் பதிலாக வரும்போதுதான் குரல் சரியான உயரத்தில் எழும். இதோடு இன்னொரு காரணமும் உண்டு. எந்த அறையிலும் ஒரு சொல் முடிந்த பிறகு அதன் எதிரொலி ஒரு நொடியின் சிறு பகுதிக்குத் தங்கியிருக்கும். 4-இன் கடைசிச் சொல்லின் அந்த வால், 5-இன் தொடக்கத்தோடு கலந்திருக்கும். 5-ஐ நிசப்தத்திலிருந்து தொடங்கிப் பதிந்து ஒட்டினால், வால் அறுந்த இடம் காதில் இடறும். அதனால் எப்போதும் ஒரு வரியாவது முன்னே போய் எடுப்பது பழக்கம். ஓரத்தில் இந்த டேக்கின் தொடக்கத்தில் ஒரு சிறு அம்பு: ‘4 – ஓட்டத்துக்கு’.

மூன்றாவது டேக்கில் 6 சுத்தமாக வந்தது. ஆனால் முருகன் ‘சொன்னாவ’ என்பதற்குப் பதில் ‘சொன்னாங்க’ என்றுவிட்டார். தமிழில் ஒலி நாடகம் பதிபவர்கள் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டிய இடம் இது. ஆங்கில ஸ்கிரிப்டில் நடிகர் பெரும்பாலும் அச்சிட்டதைப் படிப்பார். நம்முடைய வட்டார வழக்கு வசனத்தில், அச்சில் எதுவிருந்தாலும் நடிகரின் சொந்த ஊர்ப் பேச்சு நடுவில் எட்டிப்பார்க்கும். ஒரு டேக்கில் ‘வாரேன்’, மறு டேக்கில் ‘வர்றேன்’. கேட்கும்போது இரண்டும் இயல்பாக ஒலிப்பதால் அறையில் யாருக்கும் உறுத்தாது. இரண்டையும் ஒட்டும்போது, ஒரே ஆள் ஒரே மூச்சில் இரண்டு ஊர்க்காரராகிவிடுவார். எனவே நடிகர் ஒரு சொல்லை மாற்றிவிட்டால், அது நன்றாகவே இருந்தாலும், சொன்னபடியே தாளில் எழுதிவிட வேண்டும். உதவியாளர் ‘3 – சொன்னாங்க’ என்று எழுதி வட்டமிட்டார். 8-இல் மறுபடியும் முருகன் முந்திக்கொண்டார். 9-இல் மறுபடியும் ஒலி உடைந்தது.

நான்காவது டேக்: 4-இலிருந்து 6 வரை. ‘சொன்னாவ’, சுத்தம். இயக்குநர் தலையசைக்க, ‘4’ என்ற எண்ணைச் சுற்றி வட்டம். வட்டம் போட்ட எண் என்றால் இயக்குநர் தேர்ந்த டேக் என்று அர்த்தம். 1, 2 வரிகளுக்கு அவருக்குப் பிடித்தது முதல் டேக். பேரனைப் பார்த்த மகிழ்ச்சி இரண்டாவது முறை சற்று மங்கிவிட்டது. அதையும் அப்போதே கேட்டு, அந்த இரு வரிகளின் அருகில் ‘1’-ஐ வட்டமிட வேண்டும்.

தனியாகச் சொல்லும் வரிகள்

இப்போது 8, 9 இரண்டும் எந்த டேக்கிலும் உருப்படியாக இல்லை. ஐந்தாவது முறை எடுக்கலாம். ஆனால் சண்டைக் காட்சியில் முருகன் முந்திக்கொள்வதை நிறுத்தச் சொன்னால் சண்டையே தணிந்துபோகும். மேலே விழுந்து பேசுவதுதான் அந்த இடத்தின் உயிர். இங்கே கைகொடுப்பது வைல்ட் லைன். காட்சியின் ஓட்டத்துக்கு வெளியே, ஒரு வரியை மட்டும் தனியாகப் பேசவைத்துப் பதிவது. சினிமாவில் கேமரா ஓடாமல் பதியும் வசனத்துக்கு வைத்த பெயர் இது. நேரடி ஒலிப்பதிவு செய்யும் படங்களில் ஜெனரேட்டர் இரைச்சலோ காலடியோ கெடுத்த வரியை இப்படித்தான் அங்கேயே மீட்டுக்கொள்வார்கள்.

ஓரத்தில் 8-க்கும் 9-க்கும் எதிரே உதவியாளர் ‘வைல்ட்’ என்று எழுதிக் கட்டம் கட்டினார். வைல்ட் லைனை எப்போது எடுப்பது? காட்சி முடிந்த உடனே, நடிகர்கள் மைக்கை விட்டு நகர்வதற்கு முன். மாலையில் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் குரல் மாறியிருக்கும், மைக் இடம் மாறியிருக்கும், கோபமும் ஆறியிருக்கும்.

8-ஐ ஆச்சி தனியாகச் சொல்ல வேண்டும். ஆனாலும் முருகன் 6-ஐச் சொல்லிக் கொடுப்பார். அதைக் கேட்டுவிட்டு, பாத்திரம் விழும் இடைவெளியை மனதில் விட்டு, ஆச்சி பேசுவார். மூன்று முறை அடுத்தடுத்து, நடுவில் யாரும் எதுவும் சொல்லாமல். மூன்றும் ஒன்று போலவே இருந்தால் பயனில்லை. ஒன்று அதிர்ச்சியாக, ஒன்று நம்பாமல், ஒன்று கோபமாக. இரண்டாவதைக் கேட்டு இயக்குநர் நிமிர்ந்தார். தாளில்: ‘8 வைல்ட் – மூன்றில் 2’.

9-இல் இருப்பது வேறு சிக்கல். கத்தும்போது ஒலி உடையாமல் இருக்க, ரெக்கார்டிஸ்ட் மைக்கின் கெயினை 10 டெசிபல் குறைத்தார். முருகனைச் சற்றே பக்கவாட்டில் திரும்பிக் கத்தச் சொன்னார். மூன்று முறை, மூன்றும் சுத்தம். தாளில் எழுதியது: ‘9 வைல்ட் – 3 நல்லது – கெயின் 10 கம்மி’. கடைசி மூன்று சொற்கள்தான் இந்தப் பக்கத்திலேயே விலைமதிப்புள்ளவை. கெயினைக் குறைத்தபோது முருகனின் குரலோடு அறையின் மெல்லிய இரைச்சலும் 10 டெசிபல் இறங்கிவிட்டது. கத்தல் அதன் உயரத்தில் சரியாகவே இருக்கும். ஆனால் கத்துவதற்கு முந்தைய மூச்சிலும், கத்தி முடித்த பின் வரும் இடைவெளியிலும் அறையே காணாமல் போனது போல ஒரு குழி விழும். அந்தக் குறிப்பைப் பார்த்த எடிட்டர், அந்த இடத்தில் அறையின் ஒலியைத் தனியாக அடியில் விரிக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வார்.

கோப்புப் பெயரும் தாளோடு பேச வேண்டும். `S06_T04.wav` என்றால் ஆறாவது காட்சி, நான்காவது டேக். `S06_P14_WL8.wav` என்றால் அதே காட்சியின் 14-ஆம் பக்கத்து 8-ஆம் வரி, வைல்ட். இதோடு ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் ரெக்கார்டிஸ்ட் “காட்சி ஆறு, டேக் நாலு, வரி நாலுலேர்ந்து” என்று மைக்கில் வாயால் சொல்லிவிடுவார். கோப்பின் பெயர் தவறிப்போனாலும் உள்ளே இருக்கும் குரல் அது எது என்று சொல்லிவிடும்.

அறையின் ஒலி

அறையில் ஒருவரும் பேசாதபோதும் ஒலி இருக்கிறது. தூரத்துச் சாலை, சுவருக்கு அப்பால் ஓடும் மோட்டார், மின்கம்பிகளிலிருந்து வரும் மெல்லிய ரீங்காரம், இவற்றோடு அந்த அறையின் அளவும் துணிகளும் சேர்ந்து உண்டாக்கும் ஒரு நிறம். இதைத்தான் ரூம் டோன் என்கிறார்கள். வசனம் ஓடும்போது அது கேட்பதாகவே தோன்றாது. இரண்டு வரிகளுக்கு நடுவே எடிட்டர் ஒரு தும்மலை வெட்டி, அந்த இடத்தை ஒன்றுமில்லாமல் விட்டால், ஒலிபெருக்கி செத்துப்போனது போல இருக்கும். ஹெட்போனில் கேட்பவர் அதை உடனே உணர்வார். அந்த ஓட்டையை அடைக்க, அதே அறையின், அதே நாளின், அதே மைக் வழியாக வந்த நிசப்தம் வேண்டும்.

ஒவ்வொரு காட்சியின் முடிவிலும் தாளின் அடியில் ‘ரூம் டோன் – 60 நொடி’ என்று முன்கூட்டியே எழுதி, பக்கத்தில் ஒரு சிறு கட்டம் வரைந்துவிடுவார்கள். எடுத்த பிறகு அதில் டிக். முன்கூட்டியே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. காட்சி நன்றாக முடிந்தவுடன் அறையே தளர்ந்துவிடும்; ஒருவர் தண்ணீர் பாட்டிலைத் திறப்பார், ஒருவர் போனை எடுப்பார். அப்போது நினைவை நம்பினால் நிச்சயம் விட்டுப்போகும்.

ஒரு நிமிடம் எதற்கு? முதல் சில நொடிகளில் யாராவது மூச்சு விடுவார்கள், நாற்காலி முனகும். கடைசிச் சில நொடிகளில் யாராவது பொறுமையிழந்து அசைவார்கள். நடுவில் சுத்தமாக நாற்பது நொடி தேறினால் நல்லது. அதைவிடக் குறைந்த ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப ஒட்டினால், அதற்குள் இருக்கும் ஒரு சின்ன ‘டக்’ ஓசையோ காக்கைச் சத்தமோ தாளம் போல மீண்டும் மீண்டும் வந்து காட்டிக்கொடுத்துவிடும்.

எல்லோரும் அறைக்குள்ளேயே, பேசிய இடத்திலேயே நிற்க வேண்டும். மனித உடலும் உடையும் ஒலியை உறிஞ்சும். நான்கு பேர் வெளியே போன பின் அதே அறை சற்று வேறாக ஒலிக்கும். மைக்கும் கெயினும் வசனம் பதிந்த நிலையிலேயே இருக்க வேண்டும். நம் பக்கத்தில் 9-க்காகக் கெயினைக் குறைத்தார் அல்லவா? அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பிறகே ரூம் டோன் எடுக்க வேண்டும். நடிகர்களின் ஹெட்போன்களில் எதுவும் ஓடக்கூடாது, அதுவும் மைக்கில் கசியும்.

வீட்டில் பதியும்போது ஏ.சி., மின்விசிறி, குளிர்சாதனப்பெட்டி எல்லாம் அணைத்துத்தான் வைப்பார்கள். குளிர்சாதனப்பெட்டியை அணைத்தவர் தன் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுவது ஒலிப்பதிவாளர்களிடையே பல நாடுகளிலும் வழங்கும் பழக்கம். வீட்டுக்குப் போகும்போது சாவியைத் தேடுவார், பெட்டியை மறுபடி ஓடவிட்டுவிட்டுப் போவார்.

ரூம் டோனில் பெரும்பாலானவர்கள் தவறவிடுவது முதல் முறை எடுப்பதை அல்ல. அறை மாறிய பிறகு இன்னொரு முறை எடுப்பதைத்தான். சாப்பாட்டு நேரத்தில் ஏ.சி. ஓடியது, அணைத்த பிறகும் அதன் உலோகம் ‘டிக், டிக்’ என்று ஒலித்துக்கொண்டிருக்கும். மின்சாரம் போய் இன்வெர்ட்டர் வந்தால் அதன் ரீங்காரம் புதிது. மாலை ஐந்து மணிக்குச் சாலையின் இரைச்சல் காலைக்கு இரு மடங்கு கனமாக இருக்கும். மைக்கை ஓரடி நகர்த்தினாலும் கணக்கு வேறு. இந்த மாற்றம் ஒவ்வொன்றும் நடந்த இடத்தில், தாளில் எந்த வரிக்கு நேராக அது நடந்ததோ அங்கே, குறுக்கே ஒரு கோடு: ‘இங்கேர்ந்து புது டோன்’. 14-ஆம் பக்கம் சாப்பாட்டுக்கு முன்பும் 15-ஆம் பக்கம் பின்பும் பதிந்திருந்தால், இரண்டுக்கும் நடுவில் அந்தக் கோடு இருக்க வேண்டும்.

எடிட்டர் மேசையில்

மூன்று வாரம் கழித்து எடிட்டர் அந்தத் தாளைத் திறக்கிறார். கோடுகளைப் பார்த்தே அவரால் பக்கத்தைக் கட்டிவிட முடியும். 1, 2 முதல் டேக்கிலிருந்து. 3, 4 இரண்டாவதிலிருந்து. 5, 6 நான்காவதிலிருந்து. நான்காவது டேக் 4-இலேயே தொடங்கியதால், வெட்டை 4-க்கும் 5-க்கும் நடுவில் மட்டும்தான் வைக்க வேண்டும் என்றில்லை. 4-இன் உள்ளேயே, ‘ஆச்சி’ என்ற அழைப்புக்குப் பிறகு வைக்கலாம். முருகன் தயங்கும் அந்த நொடியில் வெட்டு மறைந்துவிடும். 7-க்குப் பாத்திர ஓசை பின்னர் வந்து சேரும். 8-க்கு வைல்டில் இரண்டாவது. 9-க்கு வைல்டில் மூன்றாவது, அதன் அடியில் ரூம் டோன். 8-இன் கடைசிச் சொல் முடிவதற்குச் சற்று முன்பே 9-ஐத் தொடங்கவைத்தால், நடிகர்கள் முதல் டேக்கில் இயல்பாகச் செய்த அந்த முந்துதல் திரும்பக் கிடைத்துவிடுகிறது. இப்போது அது எடிட்டரின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. எவ்வளவு மேலே விழ வேண்டும், எந்தச் சொல் கேட்டாக வேண்டும் என்பதை அவர் முடிவு செய்கிறார்.

குறிப்பில்லாமல் இதே பக்கத்தைக் கட்டுவதானால் நான்கு டேக்கையும் ஆறு வைல்ட் வரிகளையும் கேட்க வேண்டும். ‘சொன்னாங்க’ என்ற சறுக்கலை அவர் காது பிடிக்காமலும் போகலாம், ஏனென்றால் அவருக்கு நெல்லை வழக்கு தெரியாமல் இருக்கலாம்.

இந்த முறையால் தீராதவையும் உண்டு. நடிகர் களைத்துவிட்டால் எத்தனை டேக் எடுத்தாலும் வரி வராது. நான்கைந்து முறைக்கு மேல் பெரும்பாலும் குரல் தட்டையாகிக்கொண்டேதான் போகும். வைல்ட் லைனை அளவுக்கு மீறி எடுத்தால் காட்சி துண்டு துண்டாகக் கேட்கும். இருவர் எதிரெதிரே நின்று பேசிய உறவு அதில் இருக்காது. குறிப்பு எழுதுபவர் தாளிலேயே கண்ணை வைத்திருந்தால், ஒரு நடிகர் தவித்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. அதனால் நல்ல உதவியாளர்கள் ஒரு டேக் ஓடும்போது கோட்டையும் ஒரு சொல்லையும் மட்டும் எழுதுவார்கள். விரிவை டேக் முடிந்த இடைவெளியில் நிரப்புவார்கள்.

நடிகர்கள் கிளம்பும் முன்

எல்லாவற்றையும்விட முக்கியமான பத்து நிமிடம் நாளின் கடைசியில் வருகிறது. நடிகர்கள் இன்னும் வீட்டில்தான் இருக்கிறார்கள். உதவியாளரும் ரெக்கார்டிஸ்டும் தங்கள் தாள்களை அருகருகே வைத்து, பக்கம் பக்கமாக, ஒவ்வொரு எண்ணின் மேலும் விரலை வைத்துப் போகிறார்கள். கேள்வி ஒன்றுதான்: இந்த வரிக்குச் சுத்தமான ஒரு டேக்காவது இருக்கிறதா? இருந்தால் அதன் எண். இல்லையென்றால் வைல்ட் எடுத்தாயிற்றா? ஒவ்வொரு காட்சியின் அடியிலும் ரூம் டோன் கட்டத்தில் டிக் விழுந்திருக்கிறதா? ஒருவர் ‘3 நல்லது’ என்றும் மற்றவர் ‘3 உடைஞ்சுது’ என்றும் எழுதியிருந்தால், அந்தக் கோப்பை அங்கேயே ஓட்டிக் கேட்டுத் தீர்க்கிறார்கள். பிறகு எல்லாத் தாள்களையும் போனில் படம் எடுத்து, ஒலிக்கோப்புகள் இருக்கும் அதே கோப்புறையில் போட்டுவிடுகிறார்கள்.

இந்தச் சரிபார்ப்பில் ஓர் ஓட்டை தெரிந்தால், “ஆச்சி, ஒரே ஒரு வரி” என்று கூப்பிட்டால் போதும். மைக் அங்கேயே இருக்கிறது, அறை அப்படியே இருக்கிறது, அவர் குரலில் அன்றைய நாளின் களைப்பும் சூடும் அப்படியே இருக்கின்றன. இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அதே ஓட்டை மூன்று வாரம் கழித்து எடிட்டர் மேசையில் தெரியவந்தால், அவரைத் திரும்ப வரவழைத்து, அதே வீட்டைப் பிடித்து, போர்வைகளை மறுபடி மாட்டி, அன்றைய அறை ஒலிக்குப் பக்கத்திலாவது வர முடியுமா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் முடியாது. அப்போது எஞ்சியிருப்பது ஒரே வழி: அந்த வரியை நாடகத்திலிருந்தே எடுத்துவிடுவது. எழுத்தாளர் எழுதி, நடிகர் உணர்ந்து சொன்ன ஒரு வரி, ஓரத்தில் ஒரு பென்சில் குறி விழாததால் கேட்பவரைச் சேராமல் போகக்கூடாது.